கையெழுத்து நிபந்தனைக்கு ஒரு முடிவு நாள் வேண்டும்: சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

சென்னை உயர் நீதிமன்றத்தின் மாண்பமை தலைமை நீதிபதி அவர்களுக்கும், சென்னையிலும் மதுரைக் கிளையிலும் பிணை மனுக்களை விசாரிக்கும் மாண்பமை நீதியரசர்களுக்கும்,

வணக்கம்.

தென்மாவட்டக் கீழமை நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். நம் மாநிலத்தில் வழங்கப்படும் பிணை உத்தரவுகளில் எல்லோருக்கும் பழகிப்போன ஒரு வரி உண்டு. மனுதாரர் நாள்தோறும் காலை 10.30 மணிக்குக் குறிப்பிட்ட காவல் நிலையத்தில் முன்னிலையாகி, மறு உத்தரவு வரும் வரை கையெழுத்திட வேண்டும் என்பது அந்த வரி. சில வழக்குகளில் அதற்கு முன்னால் இன்னொரு வரியும் சேரும்: மனுதாரர் சொந்த ஊரை விட்டு வேறு மாவட்டத்தில் தங்கி, அங்குள்ள நிலையத்தில் கையெழுத்திட வேண்டும். நீதிமன்ற வளாகங்களில் இதைக் ‘கண்டிஷன் பெயில்’ என்றும், ‘கையெழுத்து போடுவது’ என்றும் சொல்வார்கள். இந்த நிபந்தனையை அடியோடு நீக்கும்படி நான் கேட்கவில்லை. அதற்கு ஒரு முடிவு நாள் வேண்டும் என்று கேட்கிறேன். அந்த முடிவு நாள் உத்தரவிலேயே இருக்க வேண்டும். அதைப் பெறுவதற்காகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் இரண்டாவது மனு போடும் நிலை இருக்கக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பது தங்களுக்குத் தெரியாததன்று. இந்த மடலைப் படிக்கக்கூடிய பொதுவாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480(3)ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 437(3)ஆம் பிரிவின் தொடர்ச்சி. பிணையில் செல்பவர் பிணைமுறியின்படி நீதிமன்றத்தில் முன்னிலையாக வேண்டும், அதே போன்ற குற்றத்தைச் செய்யக்கூடாது, சாட்சிகளை மிரட்டவோ ஆதாரங்களைக் கலைக்கவோ கூடாது என்பவை அதில் சொல்லப்பட்ட நிபந்தனைகள். இவற்றோடு, நீதியின் நலன் கருதித் தேவைப்படும் பிற நிபந்தனைகளையும் விதிக்கலாம் என்று ஒரு கதவு திறந்து விடப்பட்டிருக்கிறது. நாள்தோறும் கையெழுத்து, வெளிமாவட்டத் தங்கல், கடவுச்சீட்டு ஒப்படைப்பு, இருப்பிடத்தைக் கண்காணிக்கும் மின்னணுக் கருவி ஆகிய எல்லாமே அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வருகின்றன. கதவு எவ்வளவு அகலம் என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் குணால் குமார் திவாரி வழக்கில் பதில் சொல்லியிருக்கிறது: எந்த நிபந்தனையையும் விதிக்கலாம் என்பது வரம்பற்ற அதிகாரம் ஆகாது, நிபந்தனை நியாயமானதாகவும் நடைமுறைக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும், பிணை வழங்கியதையே பயனற்றதாக்கிவிடக் கூடாது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, நான் நடத்திய ஒரு வழக்கைச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்; வழக்கின் போக்கை மாற்றவில்லை.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். குடிநீர்க் குழாய்த் தகராறு இரு தெருக்களுக்கு இடையிலான மோதலாக முற்றி, ஒருவருக்குத் தலையில் வெட்டுக்காயம் பட்டது. எஃப்.ஐ.ஆரில் ஏழாவது ஆளாகச் சேர்க்கப்பட்டவர் இருபத்தேழு வயதுக் கொத்தனார். கொலை முயற்சிப் பிரிவு இருந்ததால் மூன்று வாரத்துக்கு மேல் சிறையில் இருந்தார். காயம்பட்டவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு பிணை கிடைத்தது. நிபந்தனை, திருச்சியில் தங்கித் தினமும் காலை 10.30 மணிக்கு அங்குள்ள ஒரு காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது. கோவில்பட்டியிலிருந்து திருச்சி இருநூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த ஊரில் அவருக்கு உறவினர் யாரும் இல்லை.

கட்டட வேலைக்குக் காலை எட்டு எட்டரைக்குள் ஆள் எடுத்துவிடுவார்கள். பத்து மணிக்கு வேலையை விட்டு இறங்கி, நிலையத்துக்குப் போய், எழுத்தர் பதிவேட்டை எடுத்துத் தரும் வரை காத்திருந்து, நண்பகலுக்குத் திரும்பி வரும் ஆளை எந்த மேஸ்திரியும் சேர்த்துக்கொள்ள மாட்டார். இருபத்துநான்கு மணி நேரத்தில் சில நிமிடம் மட்டுமே எடுத்துக்கொள்வதாகத் தோன்றும் அந்தக் கையெழுத்து, உண்மையில் ஒரு முழு நாள் கூலியை எடுத்துக்கொள்கிறது. கூலி 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதத்தில் இருபத்தைந்து வேலை நாளுக்கு இழப்பு 22,500 ரூபாய். வேறு மூவரோடு சேர்ந்து எடுத்த அறையில் அவருடைய பங்கு, சாப்பாடு என்று ஒரு நாளைக்கு 250 ரூபாய் ஆனாலும் மாதம் 7,500 ரூபாய் செலவு. இரண்டையும் கூட்டினால் முதல் மாதத்துக்கு 30,000 ரூபாய். பிணைமுறியில் அவருக்காக ஜாமீன்தாரர்கள் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குத்தான் உறுதி கொடுத்திருந்தார்கள். அந்தத் தொகை அவர் ஓடிப்போனால் மட்டுமே கட்ட வேண்டியது. இந்த முப்பதாயிரமோ உத்தரவை ஒழுங்காகக் கடைப்பிடித்ததற்காக அவர் கட்டியது. பண உறுதி அதிகமாக இருந்தால் ஏழைக்குப் பிணை எட்டாது என்று நீதிமன்றங்கள் பல தீர்ப்புகளில் கவலைப்பட்டிருக்கின்றன. நிபந்தனைக்குள் ஒளிந்திருக்கும் இந்தப் பணத்தைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசியதாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தளர்வு மனு போட்டோம். மனுவுக்கு எண் வாங்கி, அரசுக் குற்றவியல் வழக்கறிஞருக்கு அறிவிப்புக் கொடுத்து, காவல்துறையின் பதிலுக்காக இரண்டு வாய்தா தள்ளிப்போய், கடைசியில் உத்தரவு வந்தது. இனிச் சொந்த ஊர் நிலையத்தில் வாரம் ஒரு நாள், திங்கள்கிழமை, மறு உத்தரவு வரும் வரை. கொத்தனார் ஊர் திரும்பினார். சில வாரங்களில் காவல்துறை இறுதி அறிக்கையைத் தாக்கல் செய்தது. புலன்விசாரணை முடிந்தது, விசாரிக்க வேண்டியவர்களை விசாரித்தாகிவிட்டது, ஆயுதங்கள் கைப்பற்றப்பட்டுவிட்டன. அந்த நாளிலிருந்து கையெழுத்து எதற்காக என்று கேட்டால் யாரிடமும் பதில் இருந்திருக்காது. கேட்கவும் யாரும் இல்லை. வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைக்கப்பட்டு, குற்றச்சாட்டு வனையப்படுவதற்குக் காத்திருந்த ஓராண்டுக்கு மேலான காலம் முழுவதும் ஒவ்வொரு திங்கள்கிழமையும் அவர் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். இன்னொரு தளர்வு மனு போடலாமே என்றேன். ‘அதுக்கும் செலவாகும்ல சார், வாரத்துல ஒரு நாள்தான, போட்டுட்டுப் போறேன்’ என்றார். மறு உத்தரவு வரும் வரை என்ற நிபந்தனை நடைமுறையில் இப்படித்தான் நிலைபெறுகிறது. தேவை முடிந்ததா என்று யாரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை. மனு போடும் செலவைவிட நிபந்தனையைச் சகித்துக்கொள்ளும் செலவு குறைவாகும் புள்ளியில் அது அப்படியே தங்கிவிடுகிறது.

பிறகு மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகி அவர் திருநெல்வேலி மருத்துவமனையில் இருந்த நாட்களில் கையெழுத்து விட்டுப்போனது. மூன்று திங்கள்கிழமை வரவில்லை என்று பிணை ரத்து மனு வந்தது. எங்கள் தரப்பில் காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. கையெழுத்திடுபவருக்கு ஒப்புகை எதுவும் தரப்படுவதில்லை. அவர் வந்ததற்கான ஒரே ஆதாரம், அவர் வரவில்லை என்று சொல்லக்கூடிய தரப்பின் மேசையில் இருக்கிறது. பதிவேட்டை வரவழைக்க வேண்டும் என்று கேட்டோம். நீதிமன்றம் வரவழைத்தது. பார்த்தால் ஒரு திங்கள்கிழமைதான் காலியாக இருந்தது. மற்ற இரண்டில் ஒன்றில் அவருடைய கையெழுத்து அடுத்த பக்கத்தில் இருந்தது. மற்றொரு வாரம் திங்களுக்குப் பதில் செவ்வாயன்று போயிருந்தார். பிணை ரத்தாகவில்லை. ஆனால் பதிவேட்டைக் கேட்கத் தோன்றாத, அல்லது கேட்டும் கிடைக்காத வழக்குகளில் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது உத்தரவின் அமைப்பைப் பற்றி ஒன்று சொல்ல அனுமதி வேண்டுகிறேன். உயர் நீதிமன்றம் வழங்கும் பிணை உத்தரவுகளின் இறுதியில், நிபந்தனைகளை மீறினால் அந்தப் பிணையைத் தானே வழங்கியது போலக் கருதிக் குற்றவியல் நடுவரே உரிய நடவடிக்கை எடுக்கலாம் என்று, உச்ச நீதிமன்றத்தின் பி.கே. ஷாஜி எதிர் கேரள அரசு (2005) தீர்ப்பைச் சுட்டி ஒரு பத்தி வழக்கமாக இடம்பெறுகிறது. பிணையில் சென்றவர் தலைமறைவானால் புதிதாக ஒரு முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்பதும் அதன் அருகிலேயே இருக்கும். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 229-ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 269. ஆக, நிபந்தனை மீறப்பட்டால் பக்கத்தூர் நடுவர் நீதிமன்றத்திலேயே நடவடிக்கை தொடங்கிவிடலாம். நிபந்தனையைத் தளர்த்தவோ, விதித்த நீதிமன்றத்துக்கே திரும்பி வர வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமத்தவர் மதுரைக்கு வழக்கறிஞரைத் தேடிப் போக வேண்டும். மதுரைக் கிளை 2004இல் வந்திராவிட்டால் சென்னைக்கே போக வேண்டியிருந்திருக்கும். பக்கத்தில் இருப்பவர் என்பதற்காக மீறலைக் கவனிக்கும் பொறுப்பை நடுவரிடம் தந்திருக்கிறோம். அதே காரணத்துக்காக, இறுதி அறிக்கை வந்துவிட்டதா, இன்னும் கையெழுத்து தேவையா என்பதும் அவருக்குத்தான் முதலில் தெரியும். உயர் நீதிமன்றம் விதித்த கையெழுத்து நிபந்தனையை, இறுதி அறிக்கை தாக்கலான பிறகு, நடுவரே தளர்த்தலாம் அல்லது நீக்கலாம் என்று அதே பத்தியில் ஒரு வாக்கியம் சேர்ப்பதற்குத் தடை எதுவும் இருப்பதாக எனக்குப் படவில்லை.

மனு இல்லாமலே நீதிமன்றம் நிபந்தனையைத் திரும்பிப் பார்ப்பது புதுமையான யோசனையும் அல்ல. பிணை கிடைத்தும் சிறையிலேயே இருப்பவர்களைப் பற்றித் தானாக எடுத்துக்கொண்ட வழக்கில் 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த நெறிமுறைகளில் இது இருக்கிறது: பிணை வழங்கி ஒரு மாதத்துக்குள் பிணைமுறி தாக்கலாகவில்லை என்றால், நிபந்தனைகளை மாற்றவோ தளர்த்தவோ வேண்டுமா என்று நீதிமன்றமே தானாக எடுத்துப் பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்று வற்புறுத்துவதைத் தவிர்க்கலாம் என்றும் அதே உத்தரவு சொல்கிறது. சிறைக் கதவைத் தாண்ட முடியாதவருக்குத் தரப்பட்ட இந்த அக்கறை, கதவைத் தாண்டி வந்து மாதக்கணக்கில் நிபந்தனைக்குள் இருப்பவருக்கும் நீட்டிக்கப்பட வேண்டும். இறுதி அறிக்கையைக் கோப்பில் எடுக்கும் நாள் அதற்கு இயல்பான நாள். கோப்பு அன்று நடுவரின் மேசைக்கு எப்படியும் வரத்தான் போகிறது.

வெளிமாவட்டத் தங்கலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு ஒரு நியாயமான காரணம் இருப்பதை நான் மறுக்கவில்லை. சாதி மோதல், கோயில் திருவிழாத் தகராறு, ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டுக்காரர்களுக்கு இடையிலான வெட்டு வழக்கு ஆகியவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் மறுநாளே ஊருக்குள் நடமாடினால் பழிக்குப் பழி நடக்கலாம். சில நேரம் அவருடைய உயிருக்கே ஆபத்து. பாதிக்கப்பட்ட பெண்ணோ சிறுமியோ அதே தெருவில் இருக்கும் வழக்குகளில் அவரைத் தூரத்தில் வைப்பது அந்தக் குடும்பத்துக்கு நீதிமன்றம் தர வேண்டிய குறைந்தபட்சப் பாதுகாப்பு. ஆனால் இந்தக் காரணங்கள் எல்லாம் ‘இங்கே வராதே’ என்ற உத்தரவுக்குப் பொருந்துபவை. ‘அங்கேயே இரு’ என்ற உத்தரவை அவை கேட்கவில்லை. குறிப்பிட்ட காவல் நிலைய எல்லைக்குள் நுழையக்கூடாது என்று சொல்லிவிட்டால், அந்தக் கொத்தனார் திருப்பூரில் மைத்துனர் வீட்டில் தங்கி வேலைக்குப் போயிருப்பார். ஊர் அமைதி அப்போதும் காக்கப்பட்டிருக்கும். முன்பின் தெரியாத ஒரு நகரத்தின் பெயரை உத்தரவில் எழுதும்போது, அமைதிக்குத் தேவையானதைத் தாண்டி, ஒரு மனிதரின் வேலையையும் தங்குமிடத்தையும் சேர்த்துத் தீர்மானித்துவிடுகிறோம். அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரிந்தாக வேண்டும் என்றால், முகவரியைத் தரச் சொல்லி, மாறினால் தெரிவிக்கச் சொல்வது போதும்.

வெளிநாட்டுப் பயணத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு சிறு விஷயம்தான் சொல்ல விரும்புகிறேன், அது பெரும்பாலும் உத்தரவை எழுதும் விதத்தில் இருக்கிறது. கடவுச்சீட்டை ஒப்படைக்கச் சொல்லும் நிபந்தனை வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்களை நேரடியாகப் பாதிக்கிறது. விடுமுறையில் வந்தபோது குடும்பத் தகராறு வழக்கில் சிக்கியவருக்கு விசா காலாவதியாவது வேலை போவதற்குச் சமம். காவல்துறை கடவுச்சீட்டைக் கைப்பற்றலாமே தவிர முடக்கிவைக்க முடியாது, அந்த அதிகாரம் 1967ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 10(3)ஆம் பிரிவின்படி கடவுச்சீட்டு அதிகாரிக்கே உரியது என்று சுரேஷ் நந்தா வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. நீதிமன்றம் பயணத்துக்கு அனுமதி தந்த பிறகும் சிக்கல் தீர்வதில்லை. வழக்கு நிலுவையில் இருப்பவருக்கு நீதிமன்ற அனுமதியின் பேரில் கடவுச்சீட்டு வழங்க வகை செய்யும் 1993 ஆகஸ்ட் 25ஆம் நாள் அறிவிக்கை, உத்தரவில் எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிட்டிருந்தால் அந்தக் காலத்துக்கு வழங்கச் சொல்கிறது. காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்குத்தான். அனுமதி உத்தரவில் காலத்தைக் குறிப்பிடும் ஒரு வரி விடுபட்டுப்போவதால், இரண்டாண்டு ஒப்பந்தத்தில் போக வேண்டியவர் ஓராண்டுக் கடவுச்சீட்டோடு மறுபடியும் நீதிமன்றத்துக்கு வருகிறார். அந்த ஒரு வரியை எழுதிவிட்டால் பின்னால் வரும் ஒரு மனுவே குறைந்துவிடும்.

இத்தனை குறைகளுக்கும் மின்னணுக் கருவிதான் மாற்று என்ற பேச்சு இப்போது பரவலாகக் கேட்கிறது. காலில் ஒரு ஜி.பி.எஸ். பட்டையை மாட்டிவிட்டால் நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை, வேலைக்குப் போகலாம், சிறையிலும் நெரிசல் குறையும் என்கிறார்கள். 2023 நவம்பரில் ஜம்மு காஷ்மீர் காவல்துறை, தீவிரவாத நிதி வழக்கில் பிணையில் வந்த ஒருவருக்கு நீதிமன்ற உத்தரவின்படி இத்தகைய பட்டையை மாட்டியது. நாட்டில் இதுதான் முதல் முறை என்று அப்போது சொல்லப்பட்டது. அதே ஆண்டில் ஒன்றிய அரசு வெளியிட்ட மாதிரிச் சிறைகள் சட்டமும் சிறை விடுப்பில் செல்லும் கைதிகள் அணிய இசைந்தால் கண்காணிப்புக் கருவி என்று பேசுகிறது. அது சிறைவாசிகளுக்கு, அதுவும் அவர்களுடைய இசைவின் பேரில். குற்றம் நிரூபிக்கப்படாத, பிணையில் உள்ள ஒருவருக்குக் கருவி மாட்டலாம் என்று நடைமுறைச் சட்டத்தின் பிணைப் பிரிவுகளில் ஒரு சொல்லும் இல்லை. சட்ட ஆணையமும் 2017இல் வெளியிட்ட தன் 268ஆவது அறிக்கையில் இதை மிகுந்த எச்சரிக்கையோடுதான் பரிந்துரைத்தது: கொடுங்குற்றங்களில், அதே போன்ற குற்றத்துக்கு முன்பே தண்டிக்கப்பட்டவர்களுக்கு மட்டும்.

2024 ஜூலை 8 அன்று பிராங்க் விட்டஸ் வழக்கில் நீதியரசர்கள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் ஆகியோர் அளித்த தீர்ப்பு இந்த இடத்தில் மிகவும் பயனுள்ளது. போதைப்பொருள் வழக்கில் நீண்ட காலம் சிறையில் இருந்த நைஜீரியர் ஒருவருக்குப் பிணை வழங்கிய தில்லி உயர் நீதிமன்றம், அவர் கூகுள் வரைபடத்தில் தன் இருப்பிடத்தைக் குறித்துப் புலன்விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்றும், நாட்டை விட்டுப் போகமாட்டார் என்று தூதரகத்திடம் உறுதிச் சான்று பெற வேண்டும் என்றும் நிபந்தனை போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதியரசர்கள் கூகுள் நிறுவனத்திடமே விளக்கம் கேட்டார்கள். வரைபடத்தில் ஒரு புள்ளியைக் குறிப்பதன் மூலம் யாரையும் நேரடியாகப் பின்தொடர முடியாது, அந்த வசதி முழுவதும் பயன்படுத்துபவரின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. நாட்டின் பல நீதிமன்றங்கள் இந்த நிபந்தனையை நகலெடுத்துப் போடத் தொடங்கியிருந்த நிலையில், அது எதையும் கண்காணிக்கவே இல்லை என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. நீதிமன்றம் அத்தோடு நிற்கவில்லை. தொழில்நுட்பத்தாலோ வேறு வழியாலோ ஒருவரின் ஒவ்வொரு அசைவையும் தொடர்ந்து கண்காணிப்பது, பிணையில் வந்தவரை மீண்டும் ஒருவகை அடைப்புக்குள் வைப்பதாகும், அது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது கூறுக்கு முரணானது என்று சொல்லி அந்த நிபந்தனையை நீக்கியது. தூதரகச் சான்று தருவதும் தராததும் குற்றஞ்சாட்டப்பட்டவர் கையில் இல்லாத காரியம் என்பதால் அதையும் நீக்கியது.

அந்தத் தீர்ப்பு கருவியைப் பற்றியது என்று மட்டும் வாசித்துவிட்டால் பாதி இழப்பு என்பது என் கருத்து. ஒவ்வொரு அசைவையும் பின்தொடராவிட்டாலும், தேதி குறிக்கப்படாத கையெழுத்து நிபந்தனை ஒருவரின் வேலையையும் ஊரையும் காலவரையறையின்றிக் கட்டிவைக்கிறது. கருவி வந்தாலும் அந்தப் பழைய வரியோடுதான் வரும்: மறு உத்தரவு வரும் வரை அணிந்திருக்க வேண்டும். காலையில் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்ட நிபந்தனை அப்போது இருபத்துநான்கு மணி நேரத்தையும் எடுத்துக்கொள்ளும். நடைமுறைச் சிக்கல்களும் ஊகிக்கக் கூடியவையே. பட்டையை நாள்தோறும் மின்னேற்றம் செய்ய வேண்டும். சிமெண்ட்டும் தண்ணீரும் புழங்கும் இடத்தில் நாளெல்லாம் நிற்பவர் அதைக் காலில் வைத்துக்கொள்ள வேண்டும். மலையோர ஊர்களில் சிக்னல் விட்டுப்போனால் அதுவும் மீறலாகத்தான் பதிவாகும். அந்தப் பதிவு யாரிடம் இருக்கும், எவ்வளவு காலம் இருக்கும், வேறொரு வழக்கில் அவரைச் சேர்ப்பதற்கு அது பயன்படுமா என்பதற்கு விதி எதுவும் இல்லை. கையெழுத்துப் பதிவேட்டையே குற்றஞ்சாட்டப்பட்டவருக்குக் காட்டாத அமைப்பு, இருப்பிடப் பதிவைக் காட்டும் என்று நம்ப எனக்கு இடமில்லை. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இதற்கென ஒரு சட்டம் இயற்றும் வரை, கையெழுத்துக்கு மாற்றாகக் கருவியைக் கோரும் எந்த மனுவையும், குற்றஞ்சாட்டப்பட்டவரே கேட்டாலும்கூட, ஏற்கக்கூடாது என்று வேண்டுகிறேன். சிறையா பட்டையா என்ற கேள்விக்கு முன்னால் நிற்பவரின் இசைவை இசைவாகக் கொள்ள முடியாது.

இந்தக் கட்டுப்பாடுகளுக்கெல்லாம் கணக்கு வைக்கும் வழக்கமே நம்மிடம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தண்டனை விதிக்கப்பட்டால், சிறையில் கழித்த விசாரணைக் காலம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 468ஆவது பிரிவின்படி கழிக்கப்படும். திருச்சியில் கட்டாயமாகத் தங்கிய நாட்கள் எதிலும் கழிக்கப்படுவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மின்னணுக் கண்காணிப்போடு நாளுக்கு ஒன்பது மணி நேரமாவது வீட்டுக்குள் இருக்கும்படி பிணை நிபந்தனை விதிக்கப்பட்டால், அத்தகைய இரண்டு நாளை ஒரு நாள் சிறையாகக் கணக்கிட்டுத் தண்டனையில் கழிக்க 2003ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 240ஏ பிரிவு வகை செய்கிறது. அந்த ஏற்பாட்டை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது, அது சட்டமியற்றுவோரின் வேலை. ஆனால் நிபந்தனை என்பது சுதந்திரத்திலிருந்து எடுக்கப்படும் ஓர் அளவு, அந்த அளவை எண்ண முடியும் என்ற எண்ணமாவது பிணை உத்தரவை எழுதும் மேசையில் இருக்கலாம்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் சொல்வார்கள்: கையெழுத்து இருந்தால்தான் ஆள் ஊரில் இருக்கிறார் என்பது தெரிகிறது, அதை எடுத்துவிட்டால் குற்றப்பத்திரிகை நகலைக் கொடுக்கக்கூட ஆளைத் தேட வேண்டிவரும், வாய்தாவுக்கு வராமல் பிடியாணைகள் குவியும். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் தலைமறைவாக நினைப்பவரைக் கையெழுத்துத் தடுத்து நிறுத்துவதில்லை. அவர் போய்விட்ட செய்தியை மறுநாள் சொல்கிறது, அவ்வளவுதான். தினசரி கையெழுத்து கொடுக்கும் அந்த ஒரு நாள் முன்னறிவிப்பு, கொலை வழக்கின் முதல் சில வாரங்களில் மதிப்புள்ளதாக இருக்கலாம். அடிதடி வழக்கின் பதினெட்டாவது மாதத்தில் அதற்கு என்ன மதிப்பு? இந்த வேறுபாட்டைப் பார்ப்பதற்குத்தான் முடிவு நாள் வேண்டும் என்கிறேன். நீட்டிப்பு தேவை என்றால் காவல்துறை மனு போட்டுக் காரணம் சொல்லட்டும். இப்போது மனுச் சுமை கூலிக்காரரின் தலையில் இருக்கிறது. அதை, அலுவலகமும் அரசு வழக்கறிஞரும் உள்ள தரப்புக்கு மாற்றும்படிதான் கேட்கிறேன்.

அரசமைப்புச் சட்டத்தின் 227ஆவது கூறு தரும் மேற்பார்வை அதிகாரத்தின் கீழ் ஒரு சுற்றறிக்கை போதும். சட்டத் திருத்தமோ கூடுதல் நிதியோ இதற்குத் தேவையில்லை. பணிவோடு ஒரு வரைவை முன்வைக்கிறேன். சொற்களைத் தாங்கள் செப்பமாக்கிக்கொள்ளலாம்:

“மனுதாரர் தாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்துக்கு அருகிலுள்ள காவல் நிலையத்தில், காலை 7 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடைப்பட்ட எந்த நேரத்திலும், முதல் 30 நாட்களுக்கு வாரம் இருமுறையும் அதன் பின் வாரம் ஒருமுறையும் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு முறையும் நாளும் நேரமும் குறித்த ஒப்புகையை நிலையப் பொறுப்பாளர் மனுதாரருக்கு வழங்க வேண்டும். இறுதி அறிக்கை தாக்கலாகும் நாளிலோ, இந்த உத்தரவின் நாளிலிருந்து 90 நாட்கள் முடியும்போதோ, இவற்றில் எது முந்தியதோ அன்று இந்த நிபந்தனை தானாகவே முடிவுக்கு வரும். அதற்கு மேல் நீட்டிக்க வேண்டுமெனில் காவல்துறை காரணங்களோடு மனுச் செய்ய வேண்டும். இந்த நிபந்தனையைத் தளர்த்தும் அதிகாரம் எல்லைக்குரிய குற்றவியல் நடுவருக்கும் உண்டு.”

90 நாள் என்ற எண்ணை நானாகக் கற்பனை செய்யவில்லை. பெருங்குற்றங்களில்கூட அதற்குள் புலன்விசாரணை முடியாவிட்டால் சிறையில் இருப்பவருக்கே பிணை பெறும் உரிமை பிறந்துவிடுகிறது என்று அதே சன்ஹிதாவின் 187(3)ஆம் பிரிவு சொல்கிறது. சிறையில் வைப்பதற்கே அந்த நாளோடு சட்டம் கணக்குக் கேட்கும்போது, கையெழுத்துக்கும் அதே நாளில் கணக்குக் கேட்கலாம். சுற்றறிக்கை வரும் நாளில் ஏற்கனவே நடப்பில் உள்ள நிபந்தனைகளையும் அது கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இறுதி அறிக்கை தாக்கலான பிறகும் கையெழுத்து ஓடிக்கொண்டிருக்கும் வழக்குகளின் பட்டியலை ஒவ்வொரு நடுவர் நீதிமன்றமும் காவல் நிலையப் பதிவேடுகளிலிருந்து ஒரு மாதத்துக்குள் எடுத்துவிடலாம்.

தங்கள் உண்மையுள்ள,
தென்மாவட்ட நீதிமன்றங்களில் பணிபுரியும் ஒரு வழக்கறிஞர்